பத்தாம் நம்பர் ஸ்குரூவுக்கு 6-ஆ, 8-ஆ? செங்கலுக்கும் கான்கிரீட்டுக்கும் பிட், பிளக் தேர்வு

ஸ்குரூ கையில் இருக்கிறது. கடைக்குப் போனால் சுவர்த் துளைக்குள் செருகுகிற பிளக் 5, 6, 8, 10 என்று நாலைந்து அளவில் இருக்கிறது. பிட்டும் அதே எண்களில் இருக்கிறது. பிளக்கில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதே எண்ணுள்ள பிட்டால் துளை போட வேண்டும் என்பது வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆறு பிளக்குக்கு ஆறு பிட், எட்டு பிளக்குக்கு எட்டு பிட். சிக்கல் அதற்கு முந்தைய படியில் இருக்கிறது. இந்த ஸ்குரூவுக்கு எந்த பிளக்?

பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்து வீடுகளில் இந்தக் கேள்வி அடிக்கடி வருவதற்குக் காரணம் உண்டு. ஒரே அறைக்குள் இரண்டு விதமான சுவர் இருக்கும். ஜன்னலுக்கு மேலே லிண்டல், அது கான்கிரீட். அதற்குக் கீழும் மேலும் சூளைச் செங்கல். கோவை தடாகம் பக்கத்துச் சூளைகளில் இருந்து முன்பு வந்த கல்லாக இருந்தால் நன்றாக வெந்திருக்கும். சில வீடுகளில் பாதி வெந்த கல்லும் கலந்திருக்கும். எல்லாவற்றையும் பூச்சு மூடிவிடுகிறது. வெளியில் இருந்து பார்த்தால் ஒரே சுவர், ஒரே பெயின்ட். அதனால் ஒரே ஸ்குரூ, ஒரே பிளக் என்று வாங்கி வந்து, லிண்டலில் ஸ்குரூ முறிகிறது, செங்கலில் ஆடுகிறது.

இந்தக் குழப்பம் கூர்மையாக வருவது ஒரு குறிப்பிட்ட இடத்தில்தான். எட்டாம் நம்பர் ஸ்குரூவுக்குக் குழப்பமே இல்லை, 6 பிளக். பன்னிரண்டாம் நம்பருக்கும் இல்லை, 8 பிளக். நடுவில் நிற்கிற பத்தாம் நம்பர் இரண்டு பிளக்கிலும் பொருந்தும். அதைத்தான் இங்கே விரிவாக எடை போடப் போகிறேன்.

## முதலில் ஸ்குரூவின் விட்டம்

மர ஸ்குரூவை நம் கடைகளில் நீளமும் நம்பரும் சேர்த்துத்தான் சொல்வார்கள். "35க்கு எட்டு வேணுமா, பத்து வேணுமாங்க?" என்று கேட்டால், 35 என்பது நீளம், மில்லிமீட்டரில். எட்டு, பத்து என்பது பருமன். அது மில்லிமீட்டர் இல்லை, பழைய கேஜ் எண். பலர் தவறுவது இங்கேதான். எட்டாம் நம்பர் ஸ்குரூ என்றதும் 8 பிளக்கை எடுத்துவிடுகிறார்கள். எட்டாம் நம்பர் ஸ்குரூவின் விட்டம் வெறும் 4.2 மி.மீ.தான்.

நம்பரை மில்லிமீட்டராக்க ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. நம்பரை 0.33-ஆல் பெருக்கி 1.52-ஐக் கூட்ட வேண்டும். பத்தாம் நம்பருக்கு 3.3-உம் 1.52-உம் சேர்ந்து 4.82, அதாவது சுமார் 4.8 மி.மீ. இதே முறையில் ஆறாம் நம்பர் 3.5, பன்னிரண்டு 5.5, பதினாலு 6.1 என்று வரும்.

வெர்னியர் வைத்து அளக்கிறவர்கள் மரையின் வெளி விளிம்பை அளக்க வேண்டும். தலைக்குக் கீழே மரை இல்லாத மொழுக்கைப் பகுதியையோ மரைகளுக்கு நடுவில் இருக்கும் தண்டையோ அளந்தால் எண் மாறிவிடும். பிளக்கை விரிப்பதில் வெளி விட்டத்துக்குத்தான் கணக்கு.

ஜிப்சம் போர்டுக்கு அடிக்கிற கறுப்பு ஸ்குரூவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் மிச்சம் கிடக்கும், கூர்மையாக இருக்கும், கை அதைத்தான் எடுக்கும். அது பெரும்பாலும் 3.5 மி.மீ. பருமன். 6 பிளக்கை அது சரியாக விரிக்காது. மேலும் அது கடினமாக்கிய இரும்பு. வளையாமல் பட்டென்று முறியும். பாரம் தொங்குகிற இடத்தில் அதை நான் போடமாட்டேன்.

## எதை வைத்து எடை போடுவது

பிளக் சுவரில் நிற்பது விரிவதால்தான். ஸ்குரூ உள்ளே போகப்போக பிளக்கின் இரண்டு பக்கமும் அகன்று துளையின் சுவரை நெருக்குகிறது. அந்த நெருக்கம்தான் பிடி. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, இந்த ஸ்குரூ இந்த பிளக்கைப் போதுமான அளவு விரிக்குமா என்பது. நல்ல நைலான் பிளக்குகளின் அட்டையில் இந்த வரம்பு அச்சாகியிருக்கும். பொதுவாக 5 பிளக்குக்கு 3 முதல் 4 மி.மீ. ஸ்குரூ, 6 பிளக்குக்கு 4 முதல் 5 வரை, 8 பிளக்குக்கு 4.5 முதல் 6 வரை, 10 பிளக்குக்கு 6 முதல் 8 வரை. கவனித்தால் 4.5-க்கும் 5-க்கும் நடுவில் 6 பிளக்கும் 8 பிளக்கும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. பத்தாம் நம்பரின் 4.8 அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது, சுவர் எவ்வளவு இடம் கொடுக்கும் என்பது. கான்கிரீட் இடமே கொடுக்காது. பிளக் கொஞ்சம் விரிந்தாலும் நெருக்கம் கடுமையாகிவிடும். செங்கல் கொஞ்சம் நொறுங்கி இடம் கொடுக்கும். போதாததற்கு, துளை போடும்போதே அதிர்வில் ஓரம் உதிர்ந்து 6 மி.மீ. துளை ஆறரையாகிவிடும். அந்த அரை மில்லிமீட்டரை நிரப்பிய பிறகுதான் பிளக் நெருக்கவே தொடங்குகிறது.

மூன்றாவது பூச்சு. சுவரின் உள்பக்கப் பூச்சு சாதாரணமாக 12 முதல் 15 மி.மீ. தடிமன் இருக்கும். பூச்சுக்குப் பிடி இல்லை. பிளக் அதற்குள் விரிந்தால் பூச்சு வெடித்து உரிந்து வரும். ஆகவே பிளக்கின் நீளத்தில் இருந்து பூச்சைக் கழித்துவிட்டு மிச்சம் எவ்வளவு கல்லுக்குள் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நான்காவது, தவறினால் திரும்ப வழி இருக்கிறதா. 6 துளையை 8 ஆக்கலாம். 8 துளையை 6 ஆக்க முடியாது. யாரும் இதைச் செலவுக் கணக்கில் சேர்ப்பதில்லை. வாடகை வீட்டிலும் டைல்ஸ் ஒட்டிய சுவரிலும் மிகப் பெரிய செலவு இதுதான்.

## 6 பிட், 6 பிளக்

பத்தாம் நம்பர் ஸ்குரூ 6 பிளக்கின் வரம்பில் மேல் விளிம்பை ஒட்டி நிற்கிறது. அதாவது பிளக்கை நன்றாக, கிட்டத்தட்ட முழுவதும் விரித்துவிடும். செங்கலில் இது நல்லது. கான்கிரீட்டிலும் பொருந்தும், ஆனால் கடைசிச் சுற்றுகள் ரொம்ப இறுகும். ஸ்குரூ டிரைவர் தலையில் வழுக்கும், அல்லது தலை திருகி வந்துவிடும். இரும்பு ஸ்குரூவைவிட ஸ்டெயின்லெஸ் ஸ்குரூவில் இந்த ஆபத்து அதிகம். அது மென்மை, தலையின் குழி சீக்கிரம் தேய்ந்துபோகும். மரையில் கொஞ்சம் சோப்புத் தடவி, டிரில்லால் ஓட்டாமல் கையால் முறுக்கினால் பெரும்பாலும் போய்விடும். எட்டாம் நம்பர் ஸ்குரூ அதே துளையில் சுலபமாகப் போய், கான்கிரீட்டில் போதுமான பிடியும் கொடுக்கும்.

6-இன் பெரிய பலம் துளை போடுகிற சிரமம் குறைவு என்பது. வீட்டில் இருக்கிற சாதாரண இம்பாக்ட் டிரில்லால் லிண்டலில் 8 துளை போட முயன்றவர்களுக்கு அந்த வேதனை தெரியும். பிட் சூடேறி நிறம் மாறும், துளை அரை அங்குலத்துக்கு மேல் இறங்காது. 6 பிட் அதே டிரில்லில் மெதுவாக என்றாலும் இறங்கும். ரோட்டரி ஹேமர் இருந்தால் இந்த வித்தியாசம் மறைந்துவிடும். அதை வாடகைக்கு எடுப்பதும் ஒரு செலவுதான்.

பலவீனம் நீளம். கடைகளில் அதிகம் கிடைக்கிற 6 பிளக் 30 மி.மீ. நீளம். பூச்சு 15 மி.மீ. போனால் கல்லுக்குள் 15 மி.மீ.தான் மிச்சம். கான்கிரீட்டில் கர்ட்டன் ராடு, சுவர்க் கடிகாரம், ஸ்விட்ச் போர்டு பெட்டி போன்றவற்றுக்கு அது போதும். செங்கலில் பாரம் ஏறுகிற எதற்கும் போதாது.

இதில் மறைந்திருக்கும் செலவு ஒன்று தேய்ந்த பிட். புதிய பிட்டின் நுனியில் இருக்கும் கார்பைடு, எண்ணில் சொன்ன அளவைவிட இம்மியளவு அகலம். பிளக் நுழைவதற்காக அப்படித்தான் செய்கிறார்கள். கான்கிரீட்டில் பல துளை போட்ட பிறகு அந்த ஓரம் மழுங்கி, துளை சிறுத்துவிடும். பிளக் பாதியில் நின்று, சுத்தியலால் ஓங்கி அடித்தால் கழுத்து மடங்கிவிடும். அப்போது ஆட்கள் பிளக்கைத் திட்டுகிறார்கள். குற்றம் பிட்டில் இருக்கும்.

## 8 பிட், 8 பிளக்

பத்தாம் நம்பர் ஸ்குரூ 8 பிளக்கின் வரம்பில் கீழ் விளிம்பை ஒட்டி நிற்கிறது. பிளக்கை விரிக்கும், ஆனால் முழுவதும் விரிக்காது. கான்கிரீட்டில் இந்தக் குறை தெரியாது. செங்கலில் தெரியும். துளை கொஞ்சம் பெருத்துப் போயிருந்தால் ஸ்குரூ இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் செங்கலுக்கு 8 எதற்கு? நீளத்துக்காக. 8 பிளக் சாதாரணமாக 40 மி.மீ. வரும். பூச்சு 15 கழிந்தாலும் 25 மி.மீ. செங்கலுக்குள் இருக்கும். 6 பிளக்கைவிடப் பத்து மில்லிமீட்டர் அதிகம், சுற்றளவும் அதிகம். மென்மையான கல்லில் நெருக்கத்தை அதிக இடத்தில் பரப்பிக் கொடுப்பதுதான் பிடி தரும். ஒரே இடத்தில் கடுமையாக நெருக்கினால் கல் அங்கே பொடியாகிப் போகும். ஆனால் துளையைக் கெடுக்காமல் போட்டால்தான் இந்தப் பலன் கிடைக்கும்; அதைக் கீழே சொல்கிறேன். பிராக்கெட்டின் துளை இடம் கொடுத்தால் பத்துக்குப் பதில் பன்னிரண்டாம் நம்பர் ஸ்குரூ போடுவது இன்னும் நல்லது. 5.5 மி.மீ. என்பது 8 பிளக்கின் வரம்பில் வசதியான இடம். எட்டாம் நம்பர் ஸ்குரூவை 8 பிளக்கில் போடவே கூடாது, 4.2 மி.மீ. அதன் வரம்புக்குக் கீழே இருக்கிறது.

8-இன் செலவுகள் இவை. லிண்டலிலும் கான்கிரீட் தூணிலும் துளை போட நல்ல மெஷின் வேண்டும். டைல்ஸில் பெரிய துளை போட வேண்டும். தப்பாகிவிட்டால் அடுத்த படி 10தான். செங்கலின் ஓரத்துக்கு அருகில் 10 துளை போட்டால் கல் பிளக்கும். நம் பக்கத்துச் சூளைச் செங்கல் சுமார் 75 மி.மீ. உயரம். அதன் நடுவில் துளை விழுந்தால் மேலும் கீழும் இரண்டு விரற்கடைக்குக் கொஞ்சம் குறைவாக இடம் இருக்கும், போதும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கும் கலவைச் சந்தில் விழுந்தால் எந்த பிளக்கும் நம்பகம் இல்லை.

## பிட்டை ஒரு படி குறைத்துப் போடுவது

அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன்கள் சிலர் செங்கலில் 8 பிளக்குக்கு 7 பிட்டும், 6 பிளக்குக்கு 5.5 பிட்டும் போடுவார்கள். துளை எப்படியும் பெருக்கும், அதனால் சிறியதாகத் தொடங்கினால் சரியான அளவில் வந்து நிற்கும் என்பது கணக்கு. பாதி வெந்த கல்லில் இது வேலை செய்யும். நன்றாக வெந்த கல்லில் பிளக் நுழையாது, அடித்து நுழைத்தால் கல் விரியும். கான்கிரீட்டில் இந்த யோசனைக்கே இடமில்லை.

அதைவிட நல்ல வழி, மெஷினில் இருக்கும் சுத்தியல் குறியைத் திருப்பி, வெறும் சுழற்சியில் போடுவது. செங்கல் துளை பெருப்பதற்கு முக்கியக் காரணம் அந்த அடிதான், அதுவும் ரோட்டரி ஹேமரின் அடி. அடியை நிறுத்திவிட்டு அதே எண்ணுள்ள பிட்டால் மெதுவாகப் போட்டால், செங்கலில் துளை கிட்டத்தட்ட உள்ள அளவிலேயே வரும். கல் ரொம்பக் கடினமாக இருந்து இறங்காவிட்டால் மட்டும் அடியைப் போட்டுக்கொள்ளலாம். 7 பிட் எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை என்பதால், அதைத் தேடி அலைவதைவிட இது சுலபம். பிட்டைக் குறைப்பதை, அடியில்லாமல் போட்டும் பிளக் தளர்வாக இருக்கிற சுவருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| ஸ்குரூ நம்பர் | விட்டம் (மி.மீ.) | கான்கிரீட்டில் | செங்கலில் |
|---|---|---|---|
| 6 | 3.5 | 5 பிட், 5 பிளக் | 5 பிட், 5 பிளக். இலேசான பொருளுக்கு மட்டும் |
| 8 | 4.2 | 6 பிட், 6 பிளக் | 6 பிட், 6 பிளக். பாரம் இருந்தால் ஸ்குரூவையே மாற்றவும் |
| 10 | 4.8 | 6 பிட், 6 பிளக் | 8 பிட், 8 பிளக், அடியில்லாமல் |
| 12 | 5.5 | 8 பிட், 8 பிளக் | 8 பிட், 8 பிளக் |
| 14 | 6.1 | 10 பிட், 10 பிளக் | 10 பிட், 10 பிளக், கல்லின் நடுவில் |

பதினாலாம் நம்பர் 8 பிளக்கின் 6 மி.மீ. வரம்பை மயிரிழை தாண்டுகிறது. செங்கலில் சிலர் 8-இல் ஏற்றிவிடுவார்கள். கான்கிரீட்டில் முயல வேண்டாம், முறியும்.

## ஒரு சமையலறை, இரண்டு சுவர்

ஒரு வேலையை முழுவதும் போட்டுப் பார்ப்போம். சமையலறை ஜன்னலுக்கு மேலே ஒரு கர்ட்டன் ராடு, பக்கத்துச் சுவரில் ஸ்டீல் தட்டு ஸ்டாண்டு. இரண்டுக்கும் பத்தாம் நம்பர் ஸ்குரூ போடலாம் என்று வைத்துக்கொள்வோம். பூச்சு 15 மி.மீ. சுவர் செங்கல், ஜன்னலுக்கு மேலே லிண்டல்.

தட்டு ஸ்டாண்டு முதலில். நான்கு மூலையில் நான்கு துளை. மேல் துளைக்கும் கீழ்த் துளைக்கும் நடுவே 45 செ.மீ. ஸ்டாண்டு சுவரில் இருந்து 30 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பாத்திரம் எல்லாம் அடுக்கினால் 30 கிலோ என்று எடுத்துக்கொள்ளலாம். பாரம் நடுவில், அதாவது சுவரில் இருந்து 15 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்தால், மேல் ஸ்குரூக்களைச் சுவரை விட்டு வெளியே இழுக்கும் விசை 30-ஐ 15-ஆல் பெருக்கி 45-ஆல் வகுத்தால் 10 கிலோ. இரண்டு மேல் ஸ்குரூவுக்கும் ஆளுக்கு 5 கிலோ. அதற்கு மேல் கீழ்நோக்கித் தொங்கும் எடை நான்கு ஸ்குரூவுக்கும் ஏழரை ஏழரை கிலோ. பெரிய எண்கள் இல்லை. ஆனால் ஈரத் தட்டை வேகமாகச் செருகுவதும், குழந்தை பிடித்துத் தொங்குவதும், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டுவதும் கணக்கில் வராத பாரம். கல்லுக்குள் 15 மி.மீ. மட்டும் நுழைந்த 6 பிளக் இந்த ஆட்டத்தில்தான் தளர்கிறது. ஆகவே 8 பிளக், 40 மி.மீ.

ஸ்குரூ நீளத்துக்குக் கணக்கு: பிளக்கின் நீளம், மாட்டுகிற பொருளின் தடிமன், கூடவே ஸ்குரூவின் விட்டம் அளவுக்கு நுனி பிளக்கைத் தாண்டி வெளியே வர வேண்டும். நுனி தாண்டினால்தான் பிளக் கடைசி வரை விரியும். இங்கே 40-உம் 2-உம் 5-உம் சேர்ந்து 47. கிடைக்கிற அளவு 50. வீட்டில் கிடக்கிற 35 நீள ஸ்குரூவைப் போட்டால் பிளக்கின் கடைசி 7 மி.மீ. விரியாமலே கிடக்கும். விரிகிற பகுதியில் கிட்டத்தட்டப் பாதி பூச்சுக்குள் இருக்கும். நல்ல பிளக், சரியான துளை, இருந்தும் கழன்று வருகிற பல சம்பவங்களுக்குக் காரணம் இந்த நீளம்தான்.

துளையின் ஆழம் 55 மி.மீ. பிளக்குக்கு 40, மிச்சம் ஸ்குரூ நுனிக்கும் அடியில் தங்கும் பொடிக்கும். பிட்டில் 55-இல் ஒரு டேப் சுற்றிவிட்டால் கை தானாக நிற்கும். பூச்சைத் தாண்டும் வரை சாம்பல் நிறப் பொடி வரும், அப்புறம் சிவப்பு வரும். சிவப்பு வராமல் சாம்பலாகவே வந்து, பிட்டும் சுலபமாக இறங்கினால் கலவைச் சந்தில் விழுந்திருக்கிறது. ஸ்டாண்டை ஒரு அங்குலம் மேலேயோ கீழேயோ நகர்த்தி மறுபடி போடுவது நல்லது. அதனால்தான் நான்கு துளையையும் ஒரே மூச்சில் போடாமல், ஒரு மேல் துளையை முதலில் போட்டுப் பொடியின் நிறத்தைப் பார்த்துவிட்டு மற்றவற்றைக் குறிக்கச் சொல்கிறேன்.

இனி கர்ட்டன் ராடு. ஜன்னலுக்கு நேர் மேலே, லிண்டலில். இங்கே 6 பிட், 6 பிளக், 30 மி.மீ. பிராக்கெட்டின் துளை சிறியதாக இருந்தால் எட்டாம் நம்பர், இல்லாவிட்டால் பத்து. பூச்சில் விரிந்து வெடிக்காமல் இருக்க, பிளக்கை ஒரு பழைய ஸ்குரூவின் முனையால் தட்டி 10 மி.மீ. உள்ளே தள்ளிவிட வேண்டும். அப்போது 25 மி.மீ. கான்கிரீட்டுக்குள் போய்விடும். நீளம்: 10 உள்ளே தள்ளியது, 30 பிளக், 2 பிராக்கெட், 5 நுனி, மொத்தம் 47, மறுபடி அதே 50 நீள ஸ்குரூ. துளை 55 ஆழம்.

லிண்டலில் 55 மி.மீ. போனால் கம்பியில் முட்ட வாய்ப்பு உண்டு. கம்பி மேற்பரப்பில் இருந்து சுமார் 20, 25 மி.மீ. உள்ளேயே இருக்கும், அதற்கு மேல் பூச்சு. பிட் திடீரென்று நின்று, பொடி வராமல், சத்தம் மாறி உலோகம் போலக் கேட்டால் அது கம்பி. அழுத்தினால் பிட்டின் நுனிதான் போகும். இரண்டு மூன்று செ.மீ. பக்கவாட்டில் நகர்ந்து புதிய துளை போட வேண்டும். ராடின் பிராக்கெட் சிறியது என்பதால் அந்தப் பழைய துளை அதன் பின்னால் மறைய வாய்ப்பு உண்டு.

ராடு ஜன்னலைவிட அகலமாக இருந்தால் இன்னொரு சிக்கல். வீடு முழுவதும் ஓடுகிற லிண்டலாக இருந்தால் பிராக்கெட் எங்கே விழுந்தாலும் கான்கிரீட். ஜன்னலுக்கு மட்டும் போட்ட லிண்டல் இரண்டு பக்கமும் ஒரு சாணுக்குக் குறைவாகத்தான் நீளும். அதைத் தாண்டினால் செங்கல். ஒரே ராடின் ஒரு முனையில் சாம்பல் பொடி, மறு முனையில் சிவப்புப் பொடி வந்தால் சிவப்பு வந்த பக்கத்தை மட்டும் 8 ஆக்கிவிடலாம். முதலில் 6 போட்டது அங்கே வீண் போகாது. 8 பிட் அதே துளையைப் பிடித்துக்கொண்டு நேராகப் போகும். சந்தேகமான இடத்தில் 6-இல் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

## பிடித்ததா என்று கையே சொல்லும்

பிளக்கைக் கட்டை விரலால் அழுத்தினால் முழுவதும் போய்விடுகிறது என்றால் துளை பெரிது. நாலைந்து இலேசான தட்டில் போனால் சரி. தட்டினால் போகாமல் தலை மடங்கினால் துளை சிறிது அல்லது உள்ளே பொடி அடைத்திருக்கிறது. பிட்டைச் சுழலவிட்டபடியே இரண்டு முறை உள்ளே வெளியே இழுத்து, ஒரு குழாயாலோ பம்பாலோ ஊதிவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். கான்கிரீட்டில் இந்தப் பொடி முக்கியம். பிளக்குக்கும் சுவருக்கும் நடுவில் மாவு மாதிரி நின்று வழுக்கிவிடும்.

முறுக்கும்போது முதல் பாதி இலேசாக, அப்புறம் சுற்றுக்குச் சுற்று கனமாக வர வேண்டும். ஸ்குரூவோடு பிளக்கின் விளிம்பும் சேர்ந்து சுற்றினால் துளை பெரிது. தலை பிராக்கெட்டைத் தொட்ட பிறகும் முடிவில்லாமல் சுற்றினால், பிளக்கின் உள்ளே மரை அறுந்துவிட்டது. அந்த பிளக்கைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியது மாற்றுங்கள். தீக்குச்சியையும் தென்னங்குச்சியையும் செருகி இறுக்குவது காலண்டர் மாட்டப் போதும். தட்டு ஸ்டாண்டுக்கு அது வேண்டாம். செங்கலில் 6 துளை பெருத்துவிட்டால் 8-க்கு ஏறுங்கள். 8-உம் பெருத்துவிட்டால் சிமெண்ட் வைத்து அடைத்து, காய்ந்த பிறகு ஒரு கல் தள்ளி வேறு இடத்தில் போடுவதே மேல்.

## இந்தக் கணக்கு செல்லாத சுவர்கள்

பாலக்காட்டுக்கு மேற்கே போகப்போக வெட்டுக்கல் சுவர் அதிகம். அந்தக் கல்லுக்குள் இயற்கையாகவே பொந்துகள் உண்டு. பிட் நன்றாக இறங்கிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று உள்ளே விழும். அந்தத் துளையில் 8 பிளக்கில் பாதி காற்றில்தான் விரியும். அங்கே ஸ்குரூவின் விட்டத்தை வைத்து பிளக்கைத் தேர்ந்தெடுக்கிற முறையே உதவாது, 80 மி.மீ. அல்லது அதற்கு மேல் நீளமுள்ள 10 பிளக்கை எடுத்து, அதற்கேற்ற ஸ்குரூவை வாங்க வேண்டும். ஒரு பொந்தைத் தாண்டியும் கல் கிடைக்க அந்த நீளம் தேவை. துளையை அடியில்லாமல்தான் போட வேண்டும்.

ஹாலோ பிளாக் சுவரில் ஓட்டின் தடிமன் குறைவு. பிட் ஓட்டைத் தாண்டியதும் வெற்றிடம். சாதாரண பிளக்கின் பின்பகுதிக்கு நெருக்க எதுவும் இல்லை. உள்ளே போய் முடிச்சுப் போல மடங்கிக்கொள்கிற பிளக்கை அதற்கென்றே கேட்டு வாங்க வேண்டும்.

கீசர், ஊஞ்சல், சீலிங்கில் தொங்குகிற எதுவாக இருந்தாலும் பிளாஸ்டிக் பிளக் வேண்டாம். அங்கே உலோக ஆங்கர்தான். வெளிச்சுவரில், தென்மேற்கு மழை நேராக அடிக்கிற பக்கத்தில், துணிக்கொடிக் கொக்கி மாட்டுகிறவர்கள் பத்துக்குப் பதில் பன்னிரண்டாம் நம்பர் ஸ்டெயின்லெஸ் ஸ்குரூவும் 8 நைலான் பிளக்கும் கேட்டு வாங்குங்கள். சாதாரண இரும்பு அங்கே சில மழைக்காலத்திலேயே துரு ஏறி இளைத்துவிடும். பிளக் அப்படியே இருக்க, ஸ்குரூ உள்ளேயே முறிந்து நின்றுகொள்ளும். முறிந்ததைத் தோண்டி எடுக்கப் போனால் துளையைச் சுற்றியுள்ள செங்கலும் சேர்ந்து வந்துவிடும்.